கால்களுக்கு நடுவே எரிச்சல், கீழ் முதுகில் வலி: புராஸ்டேட் அழற்சிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"டாக்டர், எனக்கு வயது 38. ஐந்து மாதமாக இரண்டு கால்களுக்கும் நடுவே, விரைக்குப் பின்பக்கம் எரிகிறது. உட்கார்ந்தால் அதிகமாகிறது. கீழ் முதுகிலும் ஒரு மந்தமான வலி. சில நாட்களில் விந்து வெளியேறிய பிறகும் எரிச்சல் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. யூரின் டெஸ்ட் நார்மல். ஸ்கேனில் புராஸ்டேட்டில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருப்பதாகவும், புராஸ்டேட் அழற்சியாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்று முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் தேவலை, பிறகு பழையபடி. இது உண்மையிலேயே அந்த நோய்தானா? எந்தப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரியும்? புற்றுநோயாக இருக்குமோ, மனைவிக்கும் தொற்றுமோ என்று பயமாக இருக்கிறது."

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஸ்கேன் அறிக்கையை ஓரமாக வைத்துவிடுங்கள். புராஸ்டேட் சுரப்பியில் சுண்ணாம்புப் புள்ளிகள் ஆண்களுக்கு வயது ஏற ஏற வருபவை. எந்த வலியும் இல்லாத எத்தனையோ பேருக்கு ஸ்கேன் எடுத்தால் அதே புள்ளிகள் தெரியும். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, கல் இருக்கிறதா, சுரப்பிக்குள் சீழ்க்கட்டி இருக்கிறதா என்பதைப் பார்க்க ஸ்கேன் நன்றாக உதவும். ஆனால் புராஸ்டேட் அழற்சி இருக்கிறது என்றோ இல்லை என்றோ அதை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு எழுதித் தந்தது ஓர் ஊகம் மட்டுமே. அந்த ஊகத்தை நம்பி மூன்று சுற்று மருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். சுரப்பிக்குள் கிருமி இருக்கிறதா என்று இதுவரை யாரும் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உங்கள் நேரடிக் கேள்விக்குப் பதில்: இதை உறுதி செய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. ரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்த்தோ படத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தோ முடிவு செய்கிற நோய் இல்லை இது. வலி எங்கே இருக்கிறது என்று கேட்டு, கையால் தொட்டுப் பார்த்து, இதேபோல வலிக்கிற வேறு நோய்களை விலக்கி, கடைசியில் சுரப்பியிலிருந்து வருகிற நீரில் கிருமியைத் தேட வேண்டும். இந்த வரிசையில் கடைசிப் படியைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவே செல்கிறது. அதைச் சுற்றியும் கீழேயும் இடுப்புத் தளத் தசைகள் விரிந்திருக்கின்றன. சுரப்பி, சிறுநீர்ப்பை, இந்தத் தசைகள், விரை எல்லாவற்றின் வலிச் செய்தியும் ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதைகள் வழியாகத்தான் தண்டுவடத்துக்குப் போகிறது. அதனால் தசையில் பிறக்கும் வலியும் சுரப்பியில் பிறக்கும் வலியும் உங்களுக்கு ஒரே இடத்தில், ஒரே எரிச்சலாகத் தெரியும். கீழ் முதுகிலும் தொடையின் உட்புறத்திலும் சேர்ந்து வலிப்பதற்கும் இதுதான் காரணம். 'வலிக்கிற இடத்தில்தானே சுரப்பி இருக்கிறது, ஆகவே கோளாறு சுரப்பியில்தான்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல சமயம் அது தவறாகிவிடுகிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1990களில் புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தது. இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறோம். முதலாவது திடீரென்று வருகிற கிருமித் தொற்று. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், சிறுநீர் கடுத்துப் போகும், சிலருக்கு அடைத்தே விடும். அப்படி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இது இல்லை. இரண்டாவது நாள்பட்ட கிருமித் தொற்று. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஒரே கிருமி, பெரும்பாலும் ஈ. கோலை, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவரும், இடையில் ஆள் ஓரளவு நன்றாகவே இருப்பார். மூன்றாவது வகையில் மூன்று மாதத்துக்கு மேலாக வலி இருக்கும், ஆனால் தேடினாலும் கிருமி கிடைக்காது. நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்று இதைச் சொல்கிறோம். புராஸ்டேட் அழற்சி என்று பெயர் சூட்டப்பட்டு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த மூன்றாவது வகைதான். நான்காவதில் தொல்லையே இருக்காது. வேறு ஏதோ காரணத்துக்காகத் திசுவை எடுத்துப் பார்க்கும்போது தற்செயலாகத் தெரியவரும்.

ஆகவே உங்கள் விஷயத்தில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டாவது வகையா, மூன்றாவது வகையா? பல வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா, இனி அதைத் தொடவே கூடாதா என்பது இந்த ஒரு விடையில்தான் இருக்கிறது.

உங்களைப் போன்ற ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, 'வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள்' என்றுதான். விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலா, ஆணுறுப்பின் நுனியிலா, அடிவயிற்றிலா, விரையிலேயேவா? சிறுநீர் நிரம்பும்போது கூடுகிறதா, கழித்தால் குறைகிறதா? விந்து வெளியேறும்போது வலிக்கிறதா, பிறகா? உட்கார்ந்தால் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறை இருக்கையில் உட்காரும்போது மட்டும் வலி குறைகிறதா என்று கவனித்துப் பாருங்கள். குறைந்தால், அந்தப் பகுதிக்கு வருகிற நரம்பு நசுங்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதோடு ஒரு கேள்வித்தாளும் நிரப்பச் சொல்வோம். மொத்தம் 43 மதிப்பெண்: வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு 12. இது நோயைக் கண்டுபிடிக்காது, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க மட்டுமே உதவும். சிகிச்சைக்குப் பிறகு 6 புள்ளியாவது குறைந்தால்தான் உண்மையில் பலன் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 'கொஞ்சம் தேவலை போலத்தான் இருக்கிறது' என்ற மங்கலான பேச்சுக்குப் பதிலாக ஒரு எண் கையில் இருப்பது நோயாளிக்கும் எனக்கும் பெரிய உதவி.

அடுத்தது உடல் பரிசோதனை. அடிவயிறு, குடலிறக்கம் வருகிற தொடைமடிப்பு, இரண்டு விரைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஆசனவாய் வழியாக விரல் பரிசோதனை. இதற்குக் கூச்சப்பட்டுத் தட்டிக் கழிப்பவர்கள் நிறையப் பேர். அவசரத்தில் இதைச் செய்யாமல் விடுகிற மருத்துவர்களும் உண்டு. ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வோம். கையுறை போட்டு, வழுவழுப்பான ஜெல் தடவி, மெதுவாக விரலை உள்ளே விடுவோம். நான் சுரப்பியை உடனே தொடுவதில்லை. முதலில் பக்கவாட்டில் இருக்கும் தசையை இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவில் அழுத்திப் பார்ப்பேன். தளர்ந்த தசை விரலுக்கு மெத்தென்று இருக்கும். இறுகிய தசை முறுக்கிய கயிறு போலத் தட்டுப்படும். அங்கே அழுத்தும்போது 'ஆமாம் டாக்டர், இதே வலிதான்' என்று நோயாளி சொல்லிவிட்டால் வழி பாதி தெரிந்துவிடும். பிறகுதான் சுரப்பி: அளவு, வலி, கடினமான கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்போம். தசையை விட்டுவிட்டு சுரப்பியை மட்டும் தொட்டுப் பார்த்து 'வலிக்கிறது, ஆகவே அழற்சி' என்று எழுதுவது சரியல்ல. இறுகிய தசையைத் தாண்டி விரல் போகும்போதே வலித்திருக்கலாம்.

இப்போது உங்களுக்கு இதுவரை செய்யாமல் விடுபட்ட பரிசோதனை. உங்கள் யூரின் டெஸ்ட் நார்மல் என்பது சிறுநீர்ப்பையில் இருந்த நீரைப் பற்றிய செய்தி. சுரப்பியின் நுண்குழல்களுக்குள் கிருமி பதுங்கியிருந்தால் சாதாரணச் சிறுநீரில் அது தெரியாமலே போகலாம். அதை வெளியே கொண்டுவரத்தான் சுரப்பியைத் தேய்த்துவிட்டுச் சிறுநீரைப் பிடிக்கிறோம். 1968-இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு மருத்துவர்கள் நான்கு குப்பி முறையை விவரித்தார்கள். முதலில் வருகிற 10 மில்லி சிறுநீர், நடுவில் வருகிற சிறுநீர், தேய்க்கும்போது சொட்டுகிற சுரப்பு, அதன்பின் வருகிற 10 மில்லி என நான்கையும் தனித்தனியே பிடித்துக் கிருமி வளர்க்க வேண்டும். நல்ல முறைதான், ஆனால் நேரம் பிடிப்பது. பெரும்பாலும் ஒரே முடிவைத் தருகிற இரண்டு குப்பி முறையே இன்று நடைமுறைக்குப் போதும்.

அதைச் செய்வது இப்படி. கடைசி ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குப் பிறகு சில வாரம் இடைவெளி வேண்டும். நான் பொதுவாக நான்கு வாரம் கேட்பேன். மருந்து உடம்பில் இருக்கும்போது கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பரிசோதனைக்கு முன் இரண்டு நாளாவது விந்து வெளியேறாமல் இருப்பது நல்லது. சிறுநீர் நிரம்பிய நிலையில் வர வேண்டும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நுனியைக் கழுவிவிட்டு, முதலில் கொஞ்சம் வெளியே விட்டு, நடுவில் வருவதை முதல் குப்பியில் பிடிக்க வேண்டும். பையை முழுதாகக் காலி செய்துவிடக் கூடாது. பிறகு சுரப்பியின் இரு பக்கமும் வெளியிலிருந்து நடுவை நோக்கி ஏறக்குறைய ஒரு நிமிடம் தேய்த்துவிடுவோம். உடனே வருகிற முதல் 10 மில்லியை இரண்டாவது குப்பியில் பிடிக்க வேண்டும். இந்த 'உடனே, முதல் 10 மில்லி' என்பதுதான் உயிர்நாடி. நோயாளி அரை மணி கழித்துப் போனாலோ, குப்பி நிறையப் பிடித்தாலோ, சுரப்பியிலிருந்து வந்த சில துளிகள் சிறுநீரில் கரைந்து காணாமல் போய்விடும். இரண்டு குப்பியும் மைக்ரோஸ்கோப்புக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும்.

முடிவைப் படிப்பது எளிது. முதல் குப்பியில் கிருமி இல்லாமல் அல்லது மிகக் குறைவாக இருந்து, இரண்டாவதில் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் கிருமி சுரப்பிக்குள் இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் ஏராளமாக இருந்தால் அது சிறுநீர்ப்பைத் தொற்று. சுரப்பியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அப்போது நைட்ரோஃபியூரன்டாயின் போல, சிறுநீரைச் சுத்தம் செய்யும் ஆனால் சுரப்பிக்குள் போதுமான அளவு போகாத மருந்தைச் சில நாள் கொடுத்துவிட்டு, மறுபடி இரண்டு குப்பி எடுப்போம். இரண்டிலும் கிருமியே வளராவிட்டால் மூன்றாவது வகை. அதில் இரண்டாவது குப்பியில் சீழ் செல்கள் இருந்தால் ஓர் உட்பிரிவு, இல்லாவிட்டால் இன்னொன்று என்று பிரிப்பது உண்டு. ஆனால் வலியே இல்லாத ஆண்களிடமும் சீழ் செல்கள் காணப்படுவதால், அந்த எண்ணை வைத்து நான் சிகிச்சையை மாற்றுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சலும் நடுக்கமும் இருக்கும்போது சுரப்பியைத் தேய்க்கவே கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். அந்த நிலையில் சாதாரணச் சிறுநீர் கல்ச்சரும் ரத்தப் பரிசோதனையும் போதும்.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன். வயது 41, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. எட்டு மாத வலி. கையில் நான்கு மருந்துச் சீட்டு, நான்கிலும் ஆன்டிபயாட்டிக். ஆனால் ஒரு கல்ச்சரில்கூடக் கிருமி வளர்ந்ததாக இல்லை. கேள்வித்தாளில் 26 மதிப்பெண். அதில் வலிக்கு மட்டும் 14. சிறுநீர் போவதில் பெரிய சிரமமில்லை, கழித்த பின் பையில் 20 மில்லிதான் மிச்சம். விரல் பரிசோதனையில் சுரப்பி மெத்தென்று இருந்தது, அழுத்தினால் லேசான அசௌகரியம் மட்டும். வலது பக்கத் தசையை அழுத்தியதும் துள்ளிவிட்டார். கீழ் முதுகு வரை அதே வலி ஓடுகிறது என்றார். நான்கு வாரம் மருந்தில்லாமல் இருக்கச் சொல்லி இரண்டு குப்பி எடுத்தோம். முதலாவதில் சீழ் செல்கள் 0-1, கிருமி வளரவில்லை. இரண்டாவதில் சீழ் செல்கள் 3-4, அதிலும் கிருமி வளரவில்லை. மூன்றாவது வகை, அதுவும் தசை இறுக்கம் முன்னால் நிற்கிற வகை என்று முடிவு செய்தோம். ஆன்டிபயாட்டிக் நின்றது. இடுப்புத் தளத் தசையைத் தளர்த்தும் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினேன். மூன்று மாதத்தில் 26 என்பது 15 ஆனது. முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

அந்தப் பயிற்சியில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. சிறுநீரை அடக்குவது போல இறுக்கிப் பிடிக்கிற பயிற்சியை வீடியோ பார்த்துச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே இறுகியிருக்கிற தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். இங்கே கற்க வேண்டியது தளர்த்துவதை.

ஒருவேளை அவருடைய இரண்டாவது குப்பியில் ஈ. கோலை பத்து மடங்கு வளர்ந்திருந்தால் பாதை வேறு. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகிறது என்று பார்த்து, சுரப்பிக்குள் நன்றாகப் போகக்கூடிய ஆன்டிபயாட்டிக்கை நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுப்போம். ஐந்து நாள், ஏழு நாள் சுற்றுகள் அங்கே போதாது. அதாவது உங்களுக்கு இதுவரை நடந்தது எந்த வகைக்கும் பொருந்தாத சிகிச்சை: கிருமி இருந்திருந்தால் அளவு குறைவு, இல்லாதிருந்தால் வீண்.

'அப்படியானால் மாத்திரை சாப்பிட்டபோது ஒரு வாரம் ஏன் தேவலையாக இருந்தது?' என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த வலி தானாகவே ஏறி இறங்குகிற வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம், அதன்பின் அது இறங்குவது இயல்பு. தவிர, சில ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமியைக் கொல்வதோடு வீக்கத்தைத் தணிக்கிற தன்மையும் கொஞ்சம் உண்டு. கூடவே வலி மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதுவும் தன் வேலையைச் செய்திருக்கும். ஆகவே ஒரு வார நிம்மதி கிருமி இருந்ததற்குச் சாட்சி அல்ல. இந்த நோய்க்கு அதிகம் எழுதப்படுகிற, பெயர் 'ஃப்ளாக்சசின்' என்று முடிகிற மருந்துகள் சிலருக்குக் குதிகால் நாணைக் கிழிக்கக்கூடியவை, நரம்பையும் பாதிக்கக்கூடியவை. தேவையில்லாமல் நான்காவது சுற்றுக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது வகை என்று முடிவுகட்டுவதற்கு முன் விலக்க வேண்டியவற்றில் சில உங்களுக்குப் பொருந்தும். சமீபத்தில் புதிய உடலுறவுத் தொடர்பு இருந்தாலோ, உறுப்பின் நுனியில் கசிவு இருந்தாலோ, கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் பரிசோதனை அவசியம். அதற்கு நடுச் சிறுநீரை விட்டுவிட்டு முதலில் வருகிற சிறுநீரைத்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்கள் திரும்பத் திரும்ப இருந்தாலோ, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். புகைப்பவராக இருந்தால் இதில் தாமதமே கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றின் ஒரு வகை எரிச்சலாக மட்டுமே தன்னைக் காட்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயின் கடைசிப் பகுதியில் தங்கிய கல்லும் இதே போல நடிக்கும்.

முதுகு வலியைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். வலி காலுக்கு இறங்கி, இருமினால் கூடினால் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டைப் பார்க்க வேண்டும். காலையில் எழும்போது முதுகு அரை மணிக்கு மேல் விறைத்திருந்து, நடமாடினால் இளகினால், அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். இதற்கெல்லாம் மேலாக ஒன்று: இரண்டு தொடைகளுக்கும் நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, சிறுநீர் வராமலே நின்றாலோ, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகெலும்புக்குள் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் அது. மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடாது.

புற்றுநோய் பயம். 38 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் மிக மிக அரிது. ஆரம்ப நிலைப் புற்று பெரும்பாலும் எந்த வலியும் தராது. பயத்தைத் தீர்த்துக்கொள்ள புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு இப்போது ஓடாதீர்கள். சுரப்பியில் தொற்றோ அழற்சியோ இருந்தாலே அந்த எண் ஏறிவிடும். ஏறிய எண்ணைப் பார்த்துத் தூக்கம் தொலைத்து, தேவையில்லாத ஊசித் திசுப் பரிசோதனை வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தொற்று இருந்து குணமானவருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் அந்த எண்ணை நம்பலாம். உங்கள் வயதில், விரல் பரிசோதனையில் கட்டி எதுவும் தட்டுப்படாவிட்டால், நான் அதைக் கேட்க மாட்டேன்.

மனைவிக்குத் தொற்றுமா என்றால், மேலே சொன்ன பாலியல் தொற்றுகள் இல்லை என்று உறுதியான பின் தொற்றாது. உடலுறவைத் தவிர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. விந்து வெளியேறிய பின் வருகிற எரிச்சல் பெரும்பாலும் சுரப்பியைச் சுற்றியுள்ள தசை சுருங்கி விரிவதால் வருவது. அதனால் சுரப்பிக்குக் கேடு எதுவும் நேர்வதில்லை.

மூன்றாவது சுற்று மாத்திரை எந்தத் தேதியில் முடிந்தது என்று பார்த்து, அதிலிருந்து நான்கு வாரம் கழித்து சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் நேரம் வாங்குங்கள். இதுவரை எடுத்த கல்ச்சர் முடிவுகள், சாப்பிட்ட மருந்துகளின் பெயர், எத்தனை நாள் என்ற விவரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'சுரப்பியைத் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் சிறுநீர் கல்ச்சர் வேண்டும்' என்று நீங்களே கேட்கலாம். நேரம் வாங்கும்போதே சொல்லிவிட்டால் ஆய்வகம் இரண்டு குப்பியையும் தயாராக வைத்திருக்கும். நீங்களும் சிறுநீர் கழிக்காமல் வர வேண்டும் என்பதை மறக்க மாட்டீர்கள்.